22 வருட கோட் சூட்டை இனி என்ன செய்வது?

"வயது 48. 22 வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் சேர்ந்திருக்கிறேன். நான் உள்ளே நுழைந்தாலே பேச்சு நின்றுவிடுகிறது, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். டி-ஷர்ட், ஜீன்ஸ் போட்டுப் பார்த்தேன், மகனுடையதை மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. என்னிடம் 4 சூட் இருக்கிறது: கருஞ்சாம்பல், கருநீலம், கருநீலத்தில் வெள்ளைக் கோடு, நடுத்தரச் சாம்பலில் ஃபிளானல். அப்புறம் வெள்ளையும் வெளிர்நீலமுமாக 12 சட்டைகள், 2 ஜோடி கறுப்பு ஷூ. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கணுமா?"

வேண்டாம். ஒரு சூட்டைப் பிரித்து, கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனியாகப் போடலாம், ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டையும் யாருக்காவது கொடுத்துவிடலாம். எதை எப்படி என்பதுதான் விஷயம், அதில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள்.

முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நாலு கோட்டையும் பகல் வெளிச்சத்தில் ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொன்றின் கையையும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் வெளிச்சம் ஒரு கோடு மாதிரி துணிமேல் வழுக்கிக்கொண்டு போகும், முழங்கை பக்கம் இன்னும் அதிகமாகவே மின்னும். ஃபிளானலில் மட்டும் அந்தக் கோடு இருக்காது, வெளிச்சம் துணிக்குள்ளேயே அடங்கிவிடும். காரணம் நூலில் இருக்கிறது. வழக்கமான சூட் துணிக்கு நீளமான கம்பளி இழைகளைச் சீவி, ஒரே திசையில் படுக்கவைத்து, இறுக்கி முறுக்குகிறார்கள், அதனால் மேற்பரப்பு வழவழவென்று இருக்கிறது. ஃபிளானலில் இழைகளைத் துணியின்மேல் லேசாகக் கிளப்பிவிட்டிருப்பார்கள், கை வைத்தால் மெல்லிய பஞ்சு மாதிரித் தெரியும். ஒரு ஆளைப் பார்த்ததும் 'அதிகாரி வந்துட்டார்' என்று தோன்றவைப்பதில் இந்த வழவழப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அதோடு விறைப்பான தோளும், பளீரென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பை வைத்த மாதிரியான நிற வித்தியாசமும் சேர்ந்துகொண்டால் பேச்சு நிற்கத்தான் செய்யும். பளபளப்பு, விறைப்பு, நிற வெட்டு இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினால் போதும், வயதைக் குறைத்துக் காட்டும் உடைகளுக்கு நீங்கள் போகவே வேண்டியதில்லை. டி-ஷர்ட் உங்களுக்கு ஒட்டாமல் போனதற்குக் காரணம் உங்கள் வயது அல்ல. 22 வருடம் தோளும் காலரும் உள்ள உடையிலேயே இருந்துவிட்டு ஒரே நாளில் இரண்டையும் கழற்றியதுதான் காரணம்.

இப்போது பிரிக்க வேண்டிய சூட். அது ஃபிளானல்தான், வேறு எதுவும் இல்லை. கருநீல சூட்டின் கோட்டை மட்டும் எடுத்து ஜீன்ஸோடு போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும், கிட்டத்தட்ட எல்லோரும் அதைத்தான் முதலில் செய்கிறார்கள், பார்க்கிறவர்களுக்கோ பேன்ட்டைத் தொலைத்துவிட்டு வந்த ஆள் மாதிரி இருக்கும். வழவழப்பான துணி, துணியின் நிறத்திலேயே பட்டன், உள்ளே வெட்டிவைத்த பாக்கெட் இதெல்லாம் சேர்ந்து 'நான் ஒரு ஜோடியில் பாதி' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தனியாகப் போடுவதற்கென்றே தைக்கும் கோட்டில் சொரசொரப்பான துணியும், வேறு நிறப் பட்டனும், பெரும்பாலும் வெளியே ஒட்டித் தைத்த பாக்கெட்டும் இருப்பது இதனால்தான். கோடு போட்ட சூட்டைப் பிரிப்பது இன்னும் மோசம், அந்தக் கோடு தன் பேன்ட்டைத் தேடிக்கொண்டே இருக்கும்.

ஃபிளானல் கோட்டுக்கு இரண்டே மாற்றங்கள். முதலாவது பட்டன். முன்பக்கத்துக்கு 20 மி.மீ., கைக்கு 15 மி.மீ. அளவுதான் வழக்கம், ஆனாலும் பழைய பட்டனை ஸ்கேலில் வைத்து அளந்துகொண்டே போங்கள், ஏனென்றால் புது பட்டன் பெரிதாக இருந்தால் பழைய காஜாவுக்குள் நுழையாது. முன்னால் 2, ஒவ்வொரு கையிலும் 4 என்றால் மொத்தம் 10, கூடவே ஒன்றிரண்டு உபரி. கொம்பு பட்டன் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் பனை வகை மரத்தின் கொட்டையில் செய்த கொரோசோ பட்டன், அதிலும் கரும்பழுப்பு, மெருகு இல்லாதது. ஒரு மணிநேர வேலைதான், ஆனால் அதே சாம்பல் துணி அப்போதே வேறு கோட்டாகிவிடும். முன்பக்கப் பட்டனைத் துணியோடு ஒட்டித் தைத்துவிடாமல், நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு குச்சியை உருவி, அந்த இடைவெளியில் நூலை நாலைந்து சுற்று சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இல்லாவிட்டால் பட்டனைப் போட்டதும் துணி அந்த இடத்தில் குழிந்துகொள்ளும்.

இரண்டாவது தோள். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் நான் தையல் மேஜையில் இருந்த ஆரம்ப காலத்தில் இதில் ஒரு நல்ல கோட்டைக் கெடுத்திருக்கிறேன், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. தோள் விறைப்பாக இருக்கிறது என்று ஒருவர் கொண்டுவந்தார், நானும் லைனிங்கைப் பிரித்து தோளைத் தூக்கிக் காட்ட உள்ளே வைத்திருந்த பேடை இரண்டு பக்கமும் முழுசாக எடுத்துவிட்டேன். அந்தத் துணி பேடின் உயரத்துக்கு வெட்டியது, அடியில் தாங்க ஒன்றும் இல்லாததும் கழுத்துக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்தது, தோளிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கங்கள் ஓடின, கையின் தலைப்பு உள்ளே மடங்கிக்கொண்டது. திரும்பப் பேடை வைத்தும் அந்தத் துணி பழையபடி உட்காரவில்லை.

ஆகவே உங்கள் தையல்காரரிடம் எடுக்கச் சொல்லாதீர்கள், குறைக்கச் சொல்லுங்கள். பேட் பல அடுக்குகளாக இருக்கும், அதிலிருந்து ஓரிரண்டு அடுக்கை உரித்து, 1 செ.மீ. இருந்தால் பாதிக்குக் கொண்டுவரலாம். அதைக்கூட உடனே தைத்து முடிக்காமல் நாலு தளர்ந்த தையலில் நிறுத்திவிட்டு, லைனிங் திறந்தபடியே உங்களுக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கண்ணாடி முன் இரண்டு கையையும் மேஜைமேல் வைப்பது போல முன்னால் நீட்டி, பிறகு தொங்கவிடுங்கள். தொங்கவிட்ட பிறகும் அந்தச் சாய்வுச் சுருக்கங்கள் இருந்தால் குறைத்தது அதிகம், ஒரு அடுக்கைத் திரும்ப வைக்க வேண்டும். சுருக்கம் இல்லை என்றால் மூடித் தைக்கலாம். கோட்டின் நீளத்தைக் குறைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் 2 செ.மீ.க்குமேல் போகவிடாதீர்கள், பாக்கெட் கீழ் ஓரத்துக்கு மிக அருகில் வந்துவிட்டால் மொத்தக் கோட்டும் குட்டையாகத் தெரியும். பாக்கெட்டை மாற்றக் கேட்காதீர்கள். துணியை வெட்டித்தான் அது வைத்திருக்கிறது, மறைக்க வழியில்லை.

இன்னொன்று, பிரிக்கிறேன் என்று முடிவெடுத்தால் அந்த முடிவோடு நில்லுங்கள். தனித்தனியாகப் போட ஆரம்பித்ததும் கோட்டும் பேன்ட்டும் வேறுவேறு வேகத்தில் தேயும், வெளுக்கும், ஆறு மாதம் கழித்து மறுபடி சேர்த்துப் போட்டால் நிறம் ஒத்துவராது. அந்தச் சாம்பல் பேன்ட்டும் வீணாகாது, ஃபிளானல் பேன்ட் தனியாக நிற்கக்கூடியது, ஒரு ஸ்வெட்டரோடு நன்றாகவே இருக்கும்.

சட்டைக்கு வருவோம். உங்கள் 12 சட்டையும் டை கட்டுவதற்காகத் தைத்தவையாகத்தான் இருக்கும், காலருக்குள் விறைப்பான ஒட்டுத்துணி இருக்கும். டையை எடுத்துவிட்டு மேல் பட்டனைக் கழற்றினால் அந்தக் காலர் இரண்டு பக்கமும் விரிந்து கோட்டின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், அலுவலகம் முடிந்து டையைக் கழற்றிய ஆள் மாதிரி ஆகிவிடும். காலர் நுனியில் குட்டிக் காஜா எடுத்து பட்டன் வைத்துவிட்டால் சரியாகாதா என்று கேட்பார்கள். ஆகாது. நுனியில் பட்டன் வைக்கும் காலரின் அழகே அது லேசாக வளைந்து உருள்வதில்தான், அதற்கு உள்ளே மெத்தென்ற துணி வேண்டும். விறைத்த காலரில் பட்டன் வைத்தால் ஒட்டிவைத்த அட்டை மாதிரி நிற்கும். அதனால் 3 சட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள், ஆக்ஸ்ஃபோர்டு துணியில், காலர் நுனியில் பட்டன் உள்ளது. இந்தத் துணியில் பெரும்பாலும் நிற நூலும் வெள்ளை நூலும் கலந்து ஓடும், அதனால் நீலம்கூடப் புள்ளி புள்ளியாக உடைந்து, தூரத்தில் மங்கலாகத் தெரியும். வெளிர்நீலம் ஒன்று, வெள்ளையில்லாத க்ரீம் ஒன்று, மங்கிய பச்சையோ ரோஜா நிறமோ ஒன்று. பழைய வெளிர்நீலச் சட்டைகளில் நல்லதாக நாலைந்தை எடுத்துவைத்துக்கொண்டு, மெல்லிய வட்டக் கழுத்து ஸ்வெட்டருக்குள், காலர் நுனி உள்ளே அடங்கும்படி போடுங்கள். அங்கே அதன் விறைப்பு வெளியே தெரியாது.

நிற வெட்டு குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் எல்லோருக்கும் சொல்லும் வழி ஒன்று உண்டு. முழு உடையில் ஒரு படம் எடுத்து, போனிலேயே அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கருஞ்சாம்பல் கோட்டும் வெள்ளைச் சட்டையும் இருந்தால் நெஞ்சில் ஒரு வெள்ளை முக்கோணம் வெட்டி ஒட்டிய மாதிரித் தெரியும், கண் அங்கேயே போய் நிற்கும். சாம்பல் ஃபிளானலும் வெளிர்நீல ஆக்ஸ்ஃபோர்டும் என்றால் அந்த முக்கோணம் கரைந்துவிடும், பார்வை முகத்துக்கு வந்துவிடும். நீங்கள் கேட்பதும் அதைத்தானே.

கீழே பழுப்போ ஆலிவ் பச்சையோ நிறத்தில் கெட்டியான பருத்தி பேன்ட் 2 போதும். இடுப்பு எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது என்று மட்டும் பாருங்கள், உங்கள் சூட் பேன்ட் உட்காரும் இடத்துக்குக் கிட்டே இருக்கணும். இறங்கி இருந்தால் கோட்டின் பட்டனுக்குக் கீழே சட்டை எட்டிப் பார்க்கும், தொப்பை இருந்தால் அங்கேதான் தெரியும். நடுவில் இஸ்திரி மடிப்பு போட வேண்டாம்.

பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் ஷூ. லேஸ் துளைகள் இருக்கும் இரண்டு பக்கமும் கீழே மூடித் தைத்த, பாலிஷ் போட்ட கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ, பருத்தி பேன்டுக்கு அடியில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒட்டாது. கரும்பழுப்பு ஸ்வேட் தோலில், லேஸ் பக்கங்கள் மேலே திறந்திருக்கும் டெர்பி, ரப்பர் அடியோடு ஒரு ஜோடி வாங்குங்கள். ஸ்வேடும் ஃபிளானல் மாதிரியேதான், வெளிச்சத்தை விழுங்கிக்கொள்ளும். வெள்ளை ஸ்னீக்கர் வேண்டுமென்றால் தோளைக் குறைத்த பிறகு போடுங்கள், பழைய தோளோடு போட்டால் மேலே அதிகாரி, கீழே வேறு ஆள் என்று ஆகிவிடும்.

கருஞ்சாம்பல் சூட்டைத் தொடாதீர்கள். பெரிய ஒப்பந்தக் கூட்டமோ இரங்கல் நிகழ்ச்சியோ வந்தால் அது வேண்டும், ஒரு கறுப்பு ஷூவும் இரண்டு வெள்ளைச் சட்டையும் அதோடு இருக்கட்டும். கருநீலங்கள் இரண்டையும் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். முதல் வாரம் ஷூவும் பேன்ட்டும், பழைய வெளிர்நீலச் சட்டையும் ஸ்வெட்டரும். கோட் தையல்காரரிடம் இருக்கட்டும். அது திரும்பி வந்ததும் பட்டன் போடாமல் திறந்துவிட்டு, படம் வரையும் மேஜையில் அரைமணி நேரம் அதோடு உட்கார்ந்து வேலை செய்து பாருங்கள். தோள் உங்களைப் பின்னால் இழுத்தால், கையை நீட்டும்போது கழுத்துப்பட்டி மேலே எழும்பினால், எழுதுங்கள், எங்கே பிடிக்கிறது என்று ஒரு படமும் அனுப்புங்கள்.