தண்ணீர் விட்டால் இறங்கும் டிரம் மட்டம்

கேள்வி: பாய்லர் டிரம்மில் மட்டம் குறைகிறதென்று ஃபீட் வால்வைத் திறந்தால், முதலில் இன்னும் இறங்குகிறதே, ஏன்? கண்ட்ரோலரின் கெயினைக் கூட்டினால் சரியாகுமா?

சரியாகாது. திருமங்கலம் பக்கத்து ஆலை ஒன்றில் நானும் அதைத்தான் முதலில் செய்து பார்த்தேன். மட்டம் ஊஞ்சலாடத் தொடங்கியதுதான் மிச்சம்.

பொங்கி வரும் பாலில் ஒரு கை தண்ணீர் தெளித்தால், பாத்திரத்தில் திரவம் கூடியிருந்தும் பால் அடங்குகிறது அல்லவா? டிரம்மில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. டிரம்மிலும் ரைசர் குழாய்களிலும் நீராவிக் குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. கொதிநீரைவிடக் குளிர்ந்த ஃபீட் நீர் உள்ளே வந்ததும் அவற்றில் ஒரு பகுதி மீண்டும் நீராகிச் சுருங்க, அந்த இடத்தை நிரப்ப டிரம் நீர் கீழே இறங்குகிறது. இதுவே ஷ்ரிங்க். நீராவித் தேவை திடீரென உயரும்போது அழுத்தம் விழுந்து குமிழ்கள் பெருப்பதால், நீரின் நிறை குறைந்துகொண்டிருக்கும்போதே மட்டம் ஏறுவது ஸ்வெல்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: நீர்ப்பரப்பு 5 சதுர மீட்டர் உள்ள டிரம்மில் ஃபீடை மணிக்கு 4 டன் கூட்டினால், நிறையினால் மட்டம் நொடிக்கு 0.25 மி.மீ. ஏறும். குமிழ்ச் சுருக்கம் 20 நொடி கால மாறிலியோடு மொத்தம் 30 மி.மீ. இறக்கும் என்று கொள்வோம். இந்த 4 டன்னை ஓர் அலகாக வைத்தால், ஃபீடிலிருந்து மட்டத்துக்கான டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் இது:

```
G(s) = 0.25/s - 30/(20s+1)
     = (0.25 - 25s) / (s(20s+1))
```

தொகுதி s = +0.01 இல் பூஜ்ஜியமாகிறது. அதுவே வலப்பாதித் தளத்துப் பூஜ்ஜியம். மட்டம் 36 நொடியில் சுமார் 16 மி.மீ. இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பவே இரண்டு நிமிடம் ஆகிறது. அதே பூஜ்ஜியம் -0.01 இல் இருந்தால் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வீச்சு மாறாது, ஆனால் ஃபேஸ் பின்னடைவு குறைவாக இருக்கும். இங்கே வீண் பின்னடைவு கூடுதலாகச் சேர்வதால்தான் நான்-மினிமம் ஃபேஸ் என்கிறார்கள்.

கெயின் K உள்ள விகித கண்ட்ரோலர் மட்டும் வைத்தால் மூடிய வளையத்தின் சமன்பாடு இது:

```
20s^2 + (1 - 25K)s + 0.25K = 0
```

K 0.04ஐத் தாண்டினால், அதாவது ஒரு மி.மீ. பிழைக்கு மணிக்கு 0.16 டன்னுக்கு மேல் ஃபீடை மாற்றினால், வளையம் நிலையற்றுப் போகும். எல்லையில் அலைவின் காலம் சுமார் 280 நொடி. ட்ரெண்ட் திரையில் ஃபீட் கூடும்போதெல்லாம் மட்டம் முதலில் சரிந்து, பிறகு நான்கைந்து நிமிட அலையாக ஏறியிறங்கினால் குற்றவாளி வால்வு அன்று, கெயின்தான். பூஜ்ஜியத்தின் தலைகீழைக் கண்ட்ரோலரில் வைத்து அதை அடித்துவிடலாமென்றால் அந்தத் தலைகீழே நிலையற்றது. வால்வு எல்லையில்லாமல் திறந்துகொண்டே போகும்.

நாங்கள் பிறகு செய்தது, நீராவி ஓட்டத்தையும் ஃபீட் ஓட்டத்தையும் அளந்து, ஃபீடை நீராவிக்கு ஈடாக உடனே அனுப்பி, மட்டக் கண்ட்ரோலரை மெதுவாகத் திருத்த மட்டும் விட்டதுதான். இதை மூன்று உறுப்புக் கட்டுப்பாடு என்பார்கள். சாயப் பிரிவு நீராவியைத் திறக்கும்போது ஸ்வெல்லைப் பார்த்து ஃபீடை மூடும் தவறு அதனால் நின்றது. தொடக்கச் சரிவு மட்டும் போகவில்லை, போகவும் போகாது. ஆகவே இயல்பு மட்டத்துக்கும் தாழ்மட்டத் ட்ரிப்புக்கும் இடையே அந்தச் சரிவைத் தாங்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள், ட்ரிப்பை மட்டும் பைபாஸ் செய்யாதீர்கள்.