ஒரே சமையல், ஒரே மேசை: வீட்டில் ஒருவர் மட்டும் எடை குறைக்க வேண்டியிருந்தால்

உணவியல் ஆலோசகரின் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவர் பத்து கிலோ குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் 15 வயது மகனும் 10 வயது மகளும் ஒல்லியானவர்கள். இரண்டு மாதமாக அவருக்கு மட்டும் தனியாகச் சமைக்கிறேன். எனக்கு வேலை இரட்டிப்பாகிவிட்டது. அவரோ தண்டனை பெற்றவரைப் போல் முகம் சுருங்கி உட்கார்ந்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரே சமையலாக எப்படிச் செய்வது?

பதில்: தனிச் சமையலை இன்றே நிறுத்திவிடலாம். பொதுவான உணவை அவருக்குப் பொருந்தும்படி சமைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவதை மேசையில் சிறு கிண்ணங்களில் வைத்துவிடுங்கள். அவருடைய தட்டிலிருந்து எதையும் எடுக்க வேண்டியதில்லை. வேண்டியவர்கள் தங்கள் தட்டில் சேர்த்துக்கொள்வார்கள். எல்லோரும் எதையாவது சேர்த்துக்கொள்ளும் மேசையில், ஒருவர் எதைச் சேர்க்கவில்லை என்பது யார் கண்ணிலும் படாது.

ஒரு வேளை உணவை எடுத்துக்கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். அரை கிலோ தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியும் 400 கிராம் காய்கறியும் ஆறு மேசைக்கரண்டி எண்ணெயில் வதங்கிக் குழம்பாகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவர் பங்கில் எண்ணெய் மட்டுமே 180 கலோரி, கறி 150, காய்கறி சுமார் 30. உங்கள் கணவர் இத்துடன் 350 கிராம் சோறு சாப்பிட்டால் அது 455 கலோரி. ஆக மொத்தம் 815.

இப்போது அதே குழம்பை மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் தொடங்கி, காய்கறியை ஒரு கிலோவாக உயர்த்துங்கள். கறியின் அளவை மாற்ற வேண்டாம். நெடுநேரம் பசி தாங்கச் செய்வது அதிலுள்ள புரதம்தான். கறி சாப்பிடாதவர்கள் அந்த இடத்தில் பருப்போ பயறோ சேர்க்கலாம். இப்போது அவர் பங்கில் எண்ணெய் 90 கலோரி, கறி அதே 150, காய்கறி 250 கிராம் என்பதால் சுமார் 80. சோற்றை 200 கிராமாக வைத்தால் 260. மொத்தம் 580. சோறு, கறி, காய் மூன்றையும் எடைபோட்டால் முந்தைய தட்டும் 575 கிராம், இந்தத் தட்டும் 575 கிராம். தட்டு குறையவில்லை, வயிறும் குறையாக உணராது. ஆனால் 235 கலோரி குறைந்துவிட்டது. நாளில் இரண்டு வேளை இப்படி அமைந்தால் ஏறக்குறைய 470 கலோரி குறையும். தொடக்க மாதங்களில் வாரத்துக்கு அரை கிலோ அளவில் எடை இறங்குவதற்கு அது போதுமானது; பிறகு வேகம் மெல்லக் குறையும்.

பிள்ளைகளுக்கு என்ன குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சோற்றின் அளவு அவர்கள் விருப்பம் என்பதால் அதில் மாற்றமில்லை. எண்ணெயில் ஆளுக்கு 90 கலோரி குறைந்திருக்கிறது. வறுத்த வேர்க்கடலையோ பாதாமோ 15 கிராம் அந்தக் குறையை நிரப்பிவிடும். அதனால் மேசையில் ஒரு கிண்ணத்தில் கொட்டை வகை, ஒன்றில் வெண்ணெயோ துருவிய பாலாடைக்கட்டியோ, ஒன்றில் அவித்த முட்டை என்று வைத்துவிடுங்கள். கிண்ணங்கள் யாருக்கென்று சொல்லாதீர்கள். உங்கள் கணவரும் முட்டையை எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்வது நல்லதும்கூட.

இந்த முறை பெரும்பாலும் தோற்றுப்போவது சுவையில்தான், அதிலும் முதல் வாரத்திலேயே. காய்கறியை இரட்டிப்பாக்கினால் அது விடும் நீரில் குழம்பு நீர்த்துவிடும். பிள்ளைகள் “சப்பென்று இருக்கிறது” என்பார்கள். அடுத்த நாளே காரணம் யாரென்று எல்லோரும் அந்த ஒருவரைப் பார்ப்பார்கள். இதைத் தவிர்க்க, எண்ணெயை ஒரே நாளில் பாதியாக்காமல் வாரத்துக்கு ஒரு கரண்டியாகக் குறையுங்கள். காய்கறியையும் அப்படியே படிப்படியாகக் கூட்டுங்கள். வெங்காயத்தை அகலமான பாத்திரத்தில் உப்புச் சேர்த்து மூடி வதக்கினால் அதன் நீரிலேயே அது வெந்துவிடும். அடிப்பிடிக்கும்போது எண்ணெய்க்குப் பதிலாக ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். கத்தரிக்காயும் காளானும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்பவை என்பதால் முதலில் ஆவியில் அரைவேக்காடாக வேகவைத்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. கடைசி ஐந்து நிமிடம் மூடியைத் திறந்து நீரை வற்றவிட்டு, புளிப்பையும் உப்பையும் அப்போது சரிபாருங்கள். எண்ணெய் குறைந்ததை நாக்கு பெரும்பாலும் புளிப்பில் மறந்துவிடும்.

கேள்வி: மேலே சொல்வது போலத்தான் நாங்கள் சமைக்கிறோம். ஆனால் சாப்பிட உட்கார்ந்தாலே என் மாமியார், “உனக்கு இது போதும்மா, அவனுக்கு வை” என்று என் தட்டைப் பார்த்துச் சொல்கிறார். அக்கறையில்தான் சொல்கிறார் என்று தெரியும். எனக்குச் சாப்பாடே இறங்குவதில்லை.

பதில்: அவரைத் திருத்துவதைவிடப் பரிமாறும் முறையை மாற்றுவது எளிது. ஒருவர் பரிமாறும் வீட்டில் ஒவ்வொரு கரண்டியும் எல்லோர் முன்னிலையிலும் ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ளும் முறைக்கு மாறினால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது. சோற்றுப் பாத்திரத்தை அடுப்படியிலேயே வைத்து, எல்லோரும் அங்கே போய் முதல் முறை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள். காய்கறிப் பாத்திரத்தை மட்டும் மேசையின் நடுவில் வையுங்கள். இரண்டாம் முறை கை நீள்வது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பதை நோக்கித்தான்; இன்னும் சோறு வேண்டுமென்ற பிள்ளை எழுந்து போய் எடுத்துக்கொள்ளும். தட்டுகள் எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். எடை குறைப்பவருக்கு மட்டும் சிறிய தட்டு வைப்பது வாய்திறவாமல் சொல்லும் அதே வார்த்தைதான்.

மாமியாரிடம் உங்கள் கணவர் தனியாக, சாப்பாட்டு நேரத்தில் அல்லாமல், “அம்மா, சாப்பிடும்போது யார் தட்டைப் பற்றியும் பேச வேண்டாம்” என்று ஒருமுறை சொல்லட்டும். யார் தட்டையும் என்று பொதுவாகச் சொல்வது முக்கியம். “நன்றாக மெலிந்துவிட்டாய்” என்ற பாராட்டுக்கும் இது பொருந்தும். அதுவும் உடலை எல்லோர் பார்வைக்கும் வைக்கும் பேச்சுதான்.

கேள்வி: எடை அதிகமாக இருப்பது எங்கள் 13 வயது மகளுக்கு. அவளுடைய தம்பி மெலிந்தவன். அவளுக்கு எவ்வளவு உணவைக் குறைக்கலாம்?

பதில்: நீங்களாக எதையும் குறைக்காதீர்கள் என்பதே என் உறுதியான பதில். பெரியவர்களுக்கான கலோரிக் கணக்கை வளரும் பிள்ளைக்குப் போடக் கூடாது. உயரம் இன்னும் கூடும் வயதில், பல பிள்ளைகளுக்கு எடை இப்போதுள்ள அளவில் நின்றாலே போதும். வளர வளர உயரத்துக்கு ஏற்ற எடையாக அது மாறிவிடும். அவளுடைய இலக்கு அதுதானா, அல்லது வேறா என்பதை அவளுடைய வளர்ச்சி வரைபடத்தைப் பார்க்கும் குழந்தைநல மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதெல்லாம் இருவருக்கும் பொதுவானதாகவே இருக்க வேண்டும். இனிப்புப் பானம் வாங்குவதை நிறுத்தினால் தம்பிக்கும் சேர்த்தே நிறுத்துங்கள். மெலிந்தவனுக்கும் அந்தப் பானத்தால் நன்மை ஏதும் இல்லை. அவனுக்கு மட்டும் வாங்கி அலமாரியில் ஒளித்து வைத்தால் அவள் அதைக் கண்டுபிடித்துவிடுவாள், தானும் ஒளிந்து சாப்பிடக் கற்றுக்கொள்வாள். அவனுக்குக் கூடுதல் உணவு தேவையென்றால் கொட்டை வகை, முட்டை, பால் ஆகியவற்றைப் பொதுக் கிண்ணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும்.

அவள் வேளை உணவைத் தவிர்த்தாலோ, சாப்பிட்டவுடன் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாலோ, திரும்பத் திரும்ப எடை பார்த்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, எடை குறைகிறதே என்று மகிழாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் எடையைப் பற்றிய பேச்சும் கேலியும் உணவுக் கோளாறுகளோடு தொடர்புடையவை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் இருக்கிறது. எல்லோருக்கும் கொழுப்பு குறைந்த பாலாக மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு வயதுக்குள் குழந்தைக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. முழுப்பாலையே வாங்குங்கள், எடை குறைப்பவர் தம் பங்கின் அளவைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: எடை குறைக்க வேண்டியவள் சமைக்கும் நானேதான். மேசையில் எல்லோரையும்விடக் குறைவாகத்தான் சாப்பிடுகிறேன். மூன்று மாதமாகியும் எடை இறங்கவில்லை.

பதில்: உங்கள் உணவில் ஒரு பகுதி மேசைக்கே வருவதில்லை என்று நினைக்கிறேன். சமைக்கும்போது சுவை பார்ப்பது, பிள்ளை மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் வாயில் போட்டுக்கொள்வது, பாத்திரத்தில் ஒட்டியதை வழித்து முடிப்பது ஆகியவற்றை யாரும் சாப்பாடாக எண்ணுவதில்லை. மூன்று நாள் மட்டும், நின்றபடி வாயில் போட்ட ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். மிச்சத்துக்கு ஒரு மூடியுள்ள டப்பாவை அடுப்பருகிலேயே வைத்து, உடனே அதில் போட்டுக் குளிரூட்டியில் வைத்துவிடுங்கள். பெற்றோர் முடித்துவிடுவார்கள் என்ற உறுதி இல்லாதபோது பிள்ளைகளும் மெல்லக் குறைவாக எடுத்துக்கொள்ளப் பழகுவார்கள்.

இரண்டாவதாக எண்ணெயைப் பாருங்கள். கரண்டியால் அளப்பதாக நினைப்பவர்கள் பலர் கண்மதிப்பில்தான் ஊற்றுகிறார்கள். ஒரு லிட்டர் புட்டியைத் திறக்கும் நாளை அதன் மேலேயே எழுதுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது பத்து நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல், எண்ணெயிலிருந்து மட்டுமே போகிறது. அதே புட்டி பதினைந்து நாள் வந்தால் சமையலறையில் மாற்றம் உண்மையாகவே நடந்திருக்கிறது. இது யார் தட்டையும் பார்க்காமல், யாரையும் கேட்காமல் தெரிந்துகொள்ளும் வழி.

எடைக்கருவியை மட்டும் வைத்து ஒரே நாளில் முடிவுக்கு வராதீர்கள். உடலில் தங்கும் நீரால் ஒரு கிலோ, சில சமயம் அதற்கு மேலும், ஏறி இறங்கும். வாரத்தில் சில நாள் காலையில் பார்த்து அவற்றின் சராசரியை அடுத்த வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையும் இன்சுலினும் உண்டு. அவருக்காகத்தான் வீட்டில் சோற்றைக் குறைத்தோம். சில நாள் மாலையில் கை நடுங்குகிறது என்கிறார்.

பதில்: இதைக் காத்திருந்து பார்க்க வேண்டாம். சோறு குறைந்தும் இன்சுலின் அளவு பழையபடியே இருந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்; சில மாத்திரைகளாலும் அப்படி ஆகலாம். நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் அதன் அறிகுறிகள். நடுக்கம் வரும்போது சர்க்கரையை அளந்து, 70க்குக் கீழே இருந்தாலோ அளக்க வழியில்லை என்றாலோ 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளங்கள். ஏறவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். விழுங்க முடியாத அளவுக்கு மயக்கமாக இருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவ உதவியை அழையுங்கள். மருந்தின் அளவை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ செய்யாதீர்கள். சோற்றின் அளவு எவ்வளவிலிருந்து எவ்வளவாகக் குறைந்தது என்பதையும், நடுக்கம் வந்த நேரங்களையும் ஒரு தாளில் எழுதி, தாமதமின்றி அவருடைய மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து சரிசெய்யப்படும் வரை அவருடைய சோற்றை முந்தைய அளவிலேயே வைத்திருங்கள்.