திட்டினால்தான் முன்னேற முடியுமா?

கேள்வி: வேலை பார்த்துக்கொண்டே கணக்குப்பதிவியல் தேர்வு எழுதுகிறேன். இரண்டாவது முறையும் தேறவில்லை. "நீ எதற்கும் லாயக்கில்லை" என்று தினமும் என்னையே திட்டிக்கொள்கிறேன். "உன்மேல் கொஞ்சம் இரக்கம் காட்டு" என்கிறாள் தோழி. அப்படிச் செய்தால் சோம்பேறியாகிவிட மாட்டேனா?

பதில்: மாட்டீர்கள். தேர்வு முடிவு வந்த பிறகு, எந்தப் பாடத்தில் மதிப்பெண் போனது என்று உட்கார்ந்து பார்த்தீர்களா? தினமும் தன்னைத் திட்டிக்கொள்பவர்களில் பலர் பார்ப்பதில்லை. பார்க்க உட்கார்ந்தாலே அந்த வசவு காதில் விழும் என்பதால், புத்தகத்தை மூடிவைப்பதே நிம்மதியாகிவிடுகிறது. அந்த நிம்மதி அடுத்த நாளும் புத்தகத்தை மூடியே வைக்கச் சொல்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் அதைச் சோம்பல் என்பார். நீங்களும் அப்படியே நினைத்து இன்னும் கொஞ்சம் திட்டுவீர்கள். உங்கள் பயம் இரக்கத்தின்மேல் இருக்கிறது. ஆனால் படிப்பைத் தள்ளிப்போட வைப்பது பெரும்பாலும் இந்த வசவுதான்.

பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் இதைப் பல ஆண்டுகளாக விளக்கிவருகிறார். பிறர் நம்மைத் தாக்கும்போது மனமும் உடலும் எப்படி ஆபத்துக்குத் தயாராகின்றனவோ, நம்மை நாமே தாக்கும்போதும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஓடவோ ஒளியவோ தோன்றுமே தவிர, எந்தக் கணக்கில் எங்கே தவறினோம் என்று நிதானமாக யோசிக்கத் தோன்றாது. அதோடு, "லாயக்கில்லை" என்ற தீர்ப்பில் திருத்திக்கொள்ள ஒரு தகவல்கூட இல்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் செய்த ஆய்வு 2012-இல் வெளிவந்தது. மாணவர்களுக்கு வேண்டுமென்றே கடினமான சொல்வளத் தேர்வு ஒன்றைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம், இப்படிப்பட்ட தேர்வில் பலரும் திணறுவார்கள், உங்களிடம் ரொம்பக் கடுமையாக இருக்காதீர்கள் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறதே, நீங்கள் புத்திசாலிகள்தான் என்று புகழ்ந்தார்கள். மூன்றாம் பிரிவினரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு விரும்பிய நேரம் படிக்கலாம் என்று விட்டபோது, அதிக நேரம் படித்தவர்கள் முதல் பிரிவினர். புகழ்ச்சிக்கு அந்தப் பலன் இல்லை என்பதைக் கவனியுங்கள். தோழி சொல்வது, "நீ கெட்டிக்காரி" என்று உங்களையே ஏமாற்றிக்கொள்ளச் சொல்வதல்ல.

சரி, அப்படியென்றால் என்ன சொல்லிக்கொள்வது? தன்மேல் காட்டும் இரக்கத்தைப் பற்றிய ஆய்வில் முன்னோடியான உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கிறார். வலியைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி கவனிப்பது, இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று உணர்வது, தன்னிடம் கனிவாகப் பேசுவது. உங்கள் விஷயத்தில் அதை ஒரு தாளில் இப்படி எழுதலாம்: "இரண்டாவது முறையும் தேறாதது வலிக்கிறது. வேலையும் படிப்புமாக ஓடுகிற பலருக்கு இது நடக்கிறது. தேய்மானக் கணக்குகளில்தான் மதிப்பெண் போயிருக்கிறது. அந்தப் பாடத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளியது என் தவறு. நாளை காலை வேலைக்குக் கிளம்பும் முன் அதில் ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்." தவறு எதையும் இதில் மறைக்கவில்லை. சொல்லப்போனால், வசவில் இல்லாத அளவுக்கு அது துல்லியமாக இருக்கிறது. பாடம் தெரிந்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது, அடுத்த வேலையும் தெரிந்துவிட்டது.

நீங்கள் பயப்படும் சோம்பலுக்கும் இடம் உண்டு, மறுக்கவில்லை. கனிவான பேச்சு "பரவாயில்லை, விடு" என்பதோடு நின்று, அடுத்து செய்யவேண்டியது எதுவும் அதிலிருந்து வரவில்லை என்றால், அது சாக்குதான். தவறை ஒப்புக்கொள்ளும் வரி விடுபட்டிருக்கிறதா என்று அப்போது தேடிப் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும்.

இன்னொன்று. வசவு கேட்டே வளர்ந்தவர்களுக்குத் தன்னிடம் கனிவாகப் பேசுவது முதலில் கூச்சமாகவோ, பொய்யாகவோ, ஏன் அழுகையாகவோகூட இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் கனிவை வலிந்து வரவழைக்க வேண்டாம். மேலே சொன்ன வரிகளில் உண்மைகளை மட்டும், ஏறாத இறங்காத குரலில் எழுதுங்கள். இதே நிலையில் தோழி இருந்தால் அவளிடம் எந்தத் தொனியில் பேசுவீர்களோ, அந்தத் தொனி மெல்ல வந்து சேரட்டும். உங்களைத் திட்டும் அந்தக் குரல் படிப்போடு நிற்காமல், நீ வாழவே வேண்டாம் என்கிற அளவுக்குப் போனால், எழுதிப் பார்ப்பதெல்லாம் அப்புறம். அன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள்.