பழைய வாடிக்கையாளரிடம் சான்று கேட்பது

கேள்வி: ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃப்ரீலான்ஸா ஒருத்தருக்கு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன். இப்ப புது ஆட்கள் ‘யாருக்குச் செஞ்சிருக்கீங்க, அவங்க என்ன சொல்றாங்க’ன்னு கேக்குறாங்க. இத்தனை நாள் பேசாம இருந்துட்டு திடீர்னு போய் எப்படிக் கேக்குறது?

நானும் இதில் ஒருமுறை சொதப்பியவன்தான், அதனால் அதையே சொல்கிறேன். காரைக்குடியில் சின்னச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது என் வேலை. வீட்டிலேயே தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை போட்டு வெளியூருக்கு அனுப்பும் ஒரு ஆச்சிக்கு, பக்கமும் ஆர்டர் படிவமும் செய்து கொடுத்திருந்தேன். ஒன்றரை வருடம் கழித்து, “தங்களது மேலான கருத்தை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்று நீளமாக ஒரு வாட்ஸ்அப் அனுப்பினேன். வந்த பதில் ஒரு கட்டைவிரல். அனுப்பியது தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு என்பது பிறகுதான் உறைத்தது. பலகாரம் போடுகிறவருக்கு அந்த நேரத்தில் மூச்சுவிடவே நேரம் இருக்காது.

தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து போன் செய்தேன். அதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள், ஏனென்றால் நீங்கள் காட்டப்போகும் வேலை இன்னும் உயிரோடு இருக்க வேண்டும். என் விஷயத்தில் படிவம் ஓடியது, ஆனால் டொமைனைப் புதுப்பிக்க மூன்று வாரம்தான் பாக்கி. அதைச் சொல்லத்தான் முதலில் பேச்சை ஆரம்பித்தேன். அவருக்கு அது தெரியவே தெரியாது. அப்புறம், “ஆச்சி, நான் புதுசா ஒருத்தர்கிட்ட வேலை கேக்குறேன். உங்களுக்குச் செஞ்சதப் பத்தி அஞ்சு நிமிஷம் கேக்கவா?” என்றேன்.

“கருத்து சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் “நல்லா செஞ்சாரு” என்பதற்கு மேல் வராது. அவர்கள் மேல் தப்பில்லை, கேள்வி அப்படி. நான் கேட்டவை இரண்டுதான். இது வருவதற்கு முன்னால் உங்களுக்கு எது தொல்லையாக இருந்தது? இப்போது எது மாறியிருக்கிறது? ஆச்சி சொன்னது: “முன்னெல்லாம் எண்ணெய்க் கையோட போனை எடுக்கணும். எத்தனை கிலோ, எந்த ஊருன்னு ராத்திரி பத்து மணிக்கும் கேப்பாங்க. இப்ப காலையில எந்திரிச்சு லிஸ்ட்டப் பாத்து அடுப்ப மூட்டுறேன்.” எவ்வளவு யோசித்தாலும் என்னால் இப்படி ஒரு வரி எழுதியிருக்க முடியாது.

அதை அவர் பேசியபடியே நாலு வரியாக எழுதி, “இதில் எதை மாற்றணும், உங்க பேரும் கடைப் பேரும் போடலாமா” என்று கேட்டு அனுப்பினேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆர்டர் என்று நான் சேர்த்திருந்த எண்ணை மட்டும் எடுக்கச் சொன்னார். “அந்தக் கணக்கு வேண்டாம் தம்பி, கண்ணு படும்.” எடுத்துவிட்டேன். அவர் ‘சரி’ என்று எழுத்தில் அனுப்பிய பிறகுதான் வெளியே போட்டேன். வாய்வார்த்தைச் சம்மதத்தை வைத்துக்கொண்டு போட்டுவிட்டால், பின்னால் மகனோ மருமகளோ பார்த்து “யாரைக் கேட்டுப் போட்டாங்க” என்று கிளம்புவார்கள்.

அதே வாசகத்தை உங்கள் கூகுள் பக்கத்திலும் வேண்டும் என்றால், லிங்க் அனுப்பி அவரையே அவர் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பதிலுக்கு, “அடுத்த வருஷப் பராமரிப்பு இலவசம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பணமோ சலுகையோ கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுள் விதிப்படி கூடாது.

புது வாடிக்கையாளரைச் சேர்த்துவிடச் சொல்வது தனி வேலை. சான்று கேட்ட அதே போனில் அதையும் கேட்காதீர்கள். “யாருக்காவது தேவைப்பட்டா சொல்லுங்க” என்றால் ‘சரி’ என்பார்கள், அதோடு மறந்துவிடுவார்கள். தன் உறவுக்காரர் ஒருவர் தேவகோட்டையில் மசாலாப் பொடி விற்பதாக ஆச்சி பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். ஒரு வாரம் விட்டு அந்த உறவுக்காரரைக் குறிப்பிட்டே ஆச்சியிடம் கேட்டேன். அவருடைய நம்பரை நான் கேட்கவில்லை. ஆச்சி அப்படியே தள்ளிவிடுகிற மாதிரி, அவர் வாயில் வருவதுபோல ஒரு செய்தியை எழுதிக் கொடுத்தேன்:

“நம்ம ஆர்டர் பக்கம் செஞ்ச தம்பி இவர்தான். பொடி ஆர்டருக்கும் இதே மாதிரி செய்யலாமாம். தேவைன்னா நீங்களே பேசிக்கங்க, இல்லன்னா விட்டுருங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். உறவுக்குள் சிபாரிசு என்றால் மறுப்பது கஷ்டம், சரிப்படாவிட்டால் பழி ஆச்சி தலையில் விழும். அந்தப் பயம் இருக்கிறவரை எவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

வேலை மனக்கசப்பில் முடிந்திருந்தாலோ, பாக்கிப் பணம் இழுத்துக்கொண்டிருந்தாலோ அவரை விட்டுவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

தேவகோட்டைக்காரர் நாலாம் நாள் கூப்பிட்டார். விலையைக்கூடக் கேட்கவில்லை. “ஆச்சிக்கு ராத்திரி போன் வர்றது நின்னுருச்சாமே, அது எனக்கும் நிக்குமா?” என்றுதான் ஆரம்பித்தார்.