தெள்ளுப்பூச்சியின் தொண்டை அடைபடும்போது

அன்புள்ள ஐயா,

பிளேக் எலியால் வருகிறது என்று பள்ளியில் படித்தோம். எலி யாரையும் கடிக்காமலேயே அது எப்படி மனிதர்களுக்கு வருகிறது? ஒரே கிருமி சிலருக்கு அரையில் நெறிகட்டியாகவும், சிலருக்குக் கட்டியே இல்லாமல் இரத்த இருமலாகவும் வெளிப்படுவது ஏன்? இரண்டும் ஒரே நோய்தானா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டும் ஒரே நோய்தான், கிருமியும் ஒன்றே. அது உடலுக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்பதுதான் வேறுபாடு.

1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் இந்தக் கிருமியைக் கண்டறிந்துவிட்டார். ஆனால் அது எலியிலிருந்து வெளியேறும் வழி 1898இல், கராச்சியில்தான் புலப்பட்டது. அங்கே போல்-லூயி சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பிளேக் கண்ட எலி ஒன்றைத் தெள்ளுப்பூச்சிகளுடன் கண்ணாடிச் சாடியில் விட்டார். அது சாகும் தறுவாயில், நலமான இன்னொரு எலியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து அதே சாடிக்குள் இறக்கினார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது; பூச்சிகளால் மட்டுமே தாவ முடியும். சில நாட்களில் கூண்டிலிருந்த எலியும் பிளேக்கால் இறந்தது. பூச்சி இல்லாத நோயுற்ற எலியுடன் நலமான எலியை விட்டபோதோ நோய் பரவவில்லை. இந்த இரண்டாம் சோதனைதான் முதல் சோதனைக்கு உயிர் கொடுக்கிறது என்பது என் எண்ணம். அது இல்லையென்றால் எலியின் மூச்சையோ கழிவையோ காரணமாகச் சொல்லிவிடலாம்.

எலி இறந்து உடல் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் அதைவிட்டு இறங்கி வேறு எலியைத் தேடும். எலிகள் பெருமளவில் செத்தபின் அகப்படுவது மனிதன்தான். வீட்டில் எலிகள் செத்து விழுவது ஆபத்தின் அறிகுறியாகக் கருதப்பட்டது இதனால்தான்.

பூச்சிக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. அதன் உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே, உட்புறம் நுண்ணிய முட்கள் கொண்ட ஒரு வால்வு உண்டு. குடித்த இரத்தத்துடன் வந்த கிருமிகள், பாலூட்டியின் உடலைவிடக் குளிர்ந்த அந்தச் சூழலில் பிசின் போன்ற ஒரு படலத்தைச் சுரந்து, அம்முட்களைப் பற்றிக்கொண்டு பெருகி, நாளடைவில் வழியையே அடைத்துவிடுகின்றன. பிறகு பூச்சி எவ்வளவு உறிஞ்சினாலும் இரத்தம் இரைப்பையை எட்டாது. பசி தாளாமல் அது மீண்டும் மீண்டும் கடிக்கிறது. உறிஞ்சிய இரத்தம் அடைப்பில் மோதி, கிருமிகளையும் சேர்த்துக்கொண்டு கடிவாய்க்கே திரும்புகிறது. பேக்கட், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் 1914இல் இதைக் கண்டறிந்தார்கள். எல்லாப் பூச்சிகளுக்கும் அடைப்பு உண்டாவதில்லை; அடைப்பு உருவாகும் முன்னரே, முதல் சில நாட்களில், சில பூச்சிகள் நோயைக் கடத்துவதும் உண்டு. சுமார் 28 டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினால் அடைப்பு உருவாவது குறைந்துவிடுகிறது. கடும் வெயில் காலத்தில் நெறிகட்டும் பிளேக் தணிவதற்கு அது ஒரு காரணம்.

பூச்சி கடித்த இடத்தில் கிருமி தோலுக்குள் நுழைகிறது. நம் தற்காப்பு அணுக்களில் சில அதை விழுங்கினாலும் கொல்ல முடிவதில்லை. 37 டிகிரி வெப்பத்தில் கிருமி தன்னைச் சுற்றி ஒரு புரத உறையைக் கட்டிக்கொண்டு, நிணநீர் வழியே அருகிலுள்ள நிணநீர்க் கணுவை அடைந்து பெருகுகிறது. பூச்சி பெரும்பாலும் காலில் கடிப்பதால் கட்டி அரையில் தோன்றுகிறது; கையில் கடித்தால் அக்குளில். கடித்த ஓரிரு நாட்களிலிருந்து ஒரு வாரத்துக்குள் காய்ச்சலும், தொடவே முடியாத வலியுள்ள வீக்கமும் தெரியும். இந்த நிலையில் கிருமி உடலுக்குள் அடைபட்டிருப்பதால், நோயாளியின் மூச்சிலிருந்து அருகிலிருப்பவருக்கு நோய் தொற்றுவதில்லை.

கணு அதைத் தடுத்து நிறுத்தத் தவறினால் கிருமி இரத்தத்தில் கலக்கிறது. உடலின் இரத்தம் முழுவதும் நுரையீரலைக் கடந்தே செல்வதால் சிலருக்கு அங்கும் நோய் பிடிக்கிறது. அந்த நோயாளி இருமும்போதுதான் பிளேக்குக்குத் தெள்ளுப்பூச்சி தேவையற்றதாகிறது. இருமலில் தெறிக்கும் துளிகளில் உள்ள கிருமிகள் மனித உடலின் வெப்பத்தில் வளர்ந்தவை, உறையோடு ஆயத்தமானவை. அவற்றை உள்ளிழுத்தவரின் நுரையீரலில் அவை நேராக இறங்குவதால், கட்டி தோன்றுவதற்கு அங்கே இடமே இல்லை. முதலில் சற்று நேரம் அழற்சியே எழாதபடி அவை தற்காப்பை அடக்கிவைக்கின்றன. பிறகு திடீரென்று காய்ச்சல், மூச்சுத்திணறல், இரத்தம் கலந்த நீர்த்த சளி. அறிகுறி தொடங்கி ஏறத்தாழ 24 மணி நேரத்துக்குள் தக்க நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தராவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஆனாலும் காற்றில் வெகுதூரம் பரவும் நோயல்ல இது. இருமும் நோயாளிக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கே பெரும்பாலும் தொற்றுகிறது.

1910-11 குளிர்காலத்தில் வடகிழக்குச் சீனாவின் மஞ்சூரியாவில் சுமார் 60,000 பேரைக் கொன்றது இந்த வடிவமே. ஹார்பின் நகருக்கு வந்த மருத்துவர் வூ லியென்-தே, பிணக்கூறாய்வில் கிருமியைக் கண்டார். அந்நகரின் எலிகளிலோ நோய் இல்லை. மூச்சின் வழியாகவே பரவுகிறது என்று முடிவுசெய்து, பருத்தியும் மெல்லிய துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெனி, கவசமின்றி நோயாளிகளைப் பரிசோதித்து, சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன்பின் ஹார்பினில் முகக்கவசம் அணிவது பரவலானது.