வைரல் காய்ச்சல்: விடுப்பு மெயில் எப்படி எழுதுவது?

"நேற்றிலிருந்து வைரல் காய்ச்சல். டாக்டர் மூன்று நாள் ஓய்வு எடுக்கச் சொன்னார். மேனேஜருக்கு மெயிலில் என்ன எழுதுவது?"

உடம்பு வலி, வாந்தி என்று விவரிக்க வேண்டாங்க. எந்தெந்தத் தேதி, உங்கள் வேலையை யார் பார்ப்பார்கள், இவைதான் மேனேஜருக்குத் தெரிய வேண்டும். "மூன்று நாள்" என்று மட்டும் எழுதினால் இன்றும் அதில் சேர்த்தியா என்று குழப்பம் வரும். அதனால் சப்ஜெக்டிலேயே தேதியைப் போடுங்கள்:

சப்ஜெக்ட்: மருத்துவ விடுப்பு, ஜூலை 8 முதல் 10 வரை

வணக்கம் சார்,
எனக்கு வைரல் காய்ச்சல். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஜூலை 8, 9, 10 தேதிகளில் மருத்துவ விடுப்பு தேவை. 9ஆம் தேதி அனுப்ப வேண்டிய ஸ்டாக் அறிக்கையை (சக ஊழியர் பெயர்) முடித்துவிடுவார். அதற்கான ஃபைல் பொது ஃபோல்டரில் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழை இணைத்துள்ளேன்.

அறிக்கையைப் பற்றி அந்தச் சக ஊழியரிடம் முதலில் பேசிவிட்டு அவர் பெயரைப் போடுங்கள். சான்றிதழை இன்றே வாங்கிவிடுவது நல்லது. குணமான பிறகு போய்ப் பழைய தேதியில் கேட்டால் பல டாக்டர்கள் தர மாட்டார்கள். சான்றிதழிலும் இதே மூன்று தேதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், மாறியிருந்தால் எச்.ஆர். திருப்பி அனுப்பலாம். காய்ச்சல் விடவில்லை என்றால் 10ஆம் தேதி மாலைக்குள் இதே மெயிலுக்கு ரிப்ளையாக நீட்டிப்புக் கேளுங்கள்.