முதல் மேடைப் பேச்சில் மூச்சுக் குறிகளை எங்கே இடுவது?

கேள்வி: கல்லூரி விழாவில் முதன்முறையாக நன்றியுரை வாசிக்கிறேன். பதற்றத்தில் வேகமாக ஓடிவிடுகிறேன். தாளில் என்ன குறித்துக்கொள்ளலாம்?

இரண்டு குறிகள் போதும்: ஒற்றைச் சாய்கோடு சிறு நிறுத்தத்துக்கு, இரட்டைச் சாய்கோடு முழு மூச்சுக்கு. குறிகளைத் தாளில் வரி முடியும் இடத்தில் அல்லாமல், பொருள் முடியும் இடத்தில் இட வேண்டும். உங்கள் உரையில் இப்படி அமையலாம்:

விழாவுக்குத் தலைமையேற்று / எங்களை வழிநடத்திய முதல்வர் அவர்களுக்கும் //
அழைப்பை ஏற்று வந்த / சிறப்பு விருந்தினருக்கும் //
எங்கள் மனமார்ந்த நன்றி. //

தமிழில் பயனிலை பெரும்பாலும் இறுதியில் வருவதால், நீண்ட வாக்கியத்தில் அதை எட்டுவதற்குள் மூச்சு தீர்ந்து, கடைசிச் சொல் விழுங்கப்படுகிறது. எனவே ‘உம்’ முடிவுகளையும் எச்சங்களையும் அடுத்துக் குறியிடுங்கள், ஆனால் ‘சிறப்பு’, ‘விருந்தினர்’ போன்று ஒட்டி நிற்கும் சொற்களைப் பிரிக்காதீர்கள்.

இரட்டைக் கோட்டில் உதடுகளை மூடி, மூக்கால் மூச்சிழுத்து, மனத்துக்குள் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிய பிறகே அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவருக்கு இந்த இடைவெளி மிக நீளமாகத் தோன்றும். அவையினருக்கோ அது இயல்பாகவே கேட்கும் என்பதால், அந்த உணர்வை நம்பி எண்ணிக்கையைக் குறைத்துவிடக் கூடாது.

நின்றபடி வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். வரியின் கடைசி எழுத்து மங்கினால் அதற்கு முன்பே ஒரு குறி தேவை. பேச்சு துண்டு துண்டாகக் கேட்டால் ஒற்றைக் கோடுகள் சிலவற்றை அழித்துவிடலாம்.